தெற்கே விழுந்த நிழல்

வைஸ் பிரின்சிபால் அஞ்சலாட்சி தன் செல்போனை மேசைமேல் வைத்து, ஒற்றை விரலால் லமீஸ் பக்கம் தள்ளினார்.

"இது நீதானே?"

லமீஸ்தான். பள்ளிக்கூடத்து மொட்டை மாடி. சீருடை, வெள்ளை முக்காடு, பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. பக்கத்தில், மேலே இன்னொரு மாடி கட்டுவதற்காக விட்டுவைத்த தூண் கம்பி ஒன்று அவள் உயரத்துக்கு நின்றிருந்தது. பின்னால் சோலார் பலகைகளின் ஓரம். படத்தின்மேல் கொட்டை எழுத்தில், 'இன்னிக்கு நிழல் காணோம்!!!' அது, அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூவிழி எழுதியது. பூவிழி ஒருத்திதான் மூன்று ஆச்சரியக்குறி போடுவாள்.

"ஆமா மேடம்."

"எப்ப எடுத்தது?"

"ஏப்ரல்ல மேடம்."

"இன்னிக்குன்னு போட்டிருக்கே. நேத்து சாயந்திரம் அந்தப் பொண்ணு ஸ்டேட்டஸ் வெச்சிருக்கா. உங்க கிளாஸ் குரூப்ல எவளோ எடுத்துப் போட்டு, அது ஊரெல்லாம் சுத்திட்டு எங்கிட்ட வந்திருக்கு. நேத்து சாயந்திரம்தான் வாட்ச்மேன் மேல போயி பாத்தாரு. பூட்டு ஒடஞ்சி கெடக்குது. ஒரு பலகை நடுவுல கல்லால அடிச்ச மாதிரி விரிஞ்சிருக்குது. இப்ப நீ சொல்லு."

லமீஸ் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வதுபோல் முக்காட்டின் நுனியில் சுற்றிக்கொண்டாள்.

"நான் நேத்து மேல போகல மேடம். ஏப்ரல்ல ஒரே ஒரு தடவ போனேன். அப்ப அங்க பூட்டே கெடையாது, வெறும் தாழ்ப்பாதான். பூவிழியும் நானும் போனோம்."

"பர்மிஷன் வாங்கினீங்களா?"

"இல்ல மேடம்."

"பூவிழி எங்க இப்ப?"

"காரைக்கால். அவங்கம்மா நர்ஸு, அங்க டிரான்ஸ்ஃபர் ஆயிட்டாங்க. ஜூன்லயே போயிட்டாங்க."

"அப்ப கூப்புட்டு கேக்கவும் ஆளில்ல" என்றார் அஞ்சலாட்சி. அவர் குரலில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது. காலையிலிருந்து இந்தப் பூட்டு விஷயமாகவே யார் யாருக்கோ பதில் சொல்லிக் களைத்தவர்போல் இருந்தார்.

அப்போதுதான் லமீஸுக்கு ஒன்று தோன்றியது. அவசர அவசரமாகச் சொன்னாள். "மேடம், படத்துல பாருங்க, கம்பிக்கு நிழல் இல்ல. எனக்கும் இல்ல. அந்த மாதிரி எல்லா நாளும் ஆகாது. சூரியன் நேரா தலைக்கு மேல வந்தாதான். அது ஏப்ரல்ல வரும். நாங்க அதப் பாக்கத்தான் போனோம்."

அஞ்சலாட்சி தமிழ் ஆசிரியை. அவர் திரும்பி, அறையின் ஓரத்தில் விடைத்தாள் அடுக்கிக்கொண்டிருந்த இயற்பியல் ஆசிரியை கார்குழலியைப் பார்த்தார். கார்குழலி ஜூலையில்தான் இந்தப் பள்ளிக்கு வந்தவர். எந்தப் பேச்சிலும் சேராமல் இருந்துவிட்டுப் போகிறவர்.

"அப்படியா மிஸ்?"

கார்குழலி படத்தை வாங்கிப் பார்த்தார். பதில் சொல்லப் பிடிக்காதவர்போல் இழுத்துச் சொன்னார்.

"நிழல் இல்லாத நாள்னா ஏப்ரல்லயும் வரும் மேடம். ஆகஸ்ட்லயும் வரும். வருஷத்துக்கு ரெண்டு தடவ. பாண்டிக்கு ஏப்ரல் இருபத்தொண்ணு, ஆகஸ்ட் இருபத்தொண்ணு, இல்ல இருபத்திரெண்டு. அதுக்கு முன்ன பின்ன ஒண்ணு ரெண்டு நாள் கூட நிழல் இருக்கறது தெரியாது." லமீஸை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து இருபத்திநாலு. எடுத்திருக்கலாம்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் சிக்கலாகிவிட்டது.

"நாளைக்கு உங்கப்பாவ கூட்டிட்டு வா" என்றார் அஞ்சலாட்சி. "நான் ஒளிச்சு மறைச்சுப் பேசமாட்டேன். ஸ்கூல் கமிட்டியில டிசின்னுதான் பேசிக்கறாங்க. பூட்ட ஒடைக்கறது வெளையாட்டு இல்ல."

பிளஸ் ஒன் பாதியில் டிசி வாங்கினால் எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும்? லமீஸ் வகுப்புக்குத் திரும்பியபோது பேச்சு சட்டென்று நின்றது. இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் ஜூனிலிருந்தே அவள் ஒருத்திதான். இன்றைக்கு முன்பெஞ்சுக்காரிகூடத் தன் பெஞ்சை இழுத்துக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

*

நெல்லித்தோப்பில் அவள் அப்பா கலீலுல்லாவின் மெத்தைக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. பள்ளி விட்டு வந்தவள் கடை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். பஞ்சுத் தூசு மூக்கில் ஏறாமல் இருக்க முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, நீள ஊசியால் ஒரு மெத்தையின் ஓரத்தை இழுத்து இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தார் அத்தா.

"என்னா லமீசு, பேயறஞ்ச மாதிரி நிக்கற?"

"ஒண்ணும் இல்லத்தா."

"ஒண்ணும் இல்லன்னா ஒண்ணு இருக்குதுன்னு அர்த்தம். போ, போயி டீ குடி."

அவள் உள்ளே போய், அம்மா ரோஷன் பீவியின் போனை எடுத்துக்கொண்டு துணி காயப்போடும் சந்துக்குப் போனாள். பூவிழியின் அம்மா எண்ணுக்குத்தான் அடிக்க வேண்டும். இருவருக்கும் சொந்தப் போன் இல்லை. மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை. டூட்டிக்குப் போகும்போது அந்தம்மா போனையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். வார்டுக்குள் எடுக்கமாட்டார். அது லமீஸுக்குத் தெரியும். தெரிந்தும் அழுகை வந்தது.

போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. முதலில் தினமும் பேசினார்கள். அப்புறம் ஞாயிறு ஞாயிறு. அப்புறம் ஏதோ ஒரு ஞாயிறு இவள் அடிக்கவில்லை, அவளும் அடிக்கவில்லை. சண்டை என்று எதுவும் இல்லை. சண்டையாவது இருந்தால் ஒரு பக்கம் சமாதானம் பேசலாம். இப்போது அவள் திடீரென்று இந்தப் படத்தை எதற்கு எடுத்துப் போட்டாள்? அதுவும் 'இன்னிக்கு' என்று? அங்கே புதுக் கூட்டாளிகளுக்கு, பாரு எங்க ஊர்ல ஒரு லூசு இருந்தா என்று காட்டவா?

அம்மா போனிலேயே வந்திருந்த கிளாஸ் குரூப்பைத் திறந்து, லமீஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் காலடிக்கு இறக்கினாள்.

அன்றைய மத்தியானம் அப்படியே கண்முன் வந்தது. பூவிழிதான் பேப்பரில் படித்துவிட்டு வந்து பெஞ்சில் குதித்தாள். "ஏ லமீசு, இருபத்திநாலாந்தேதி நம்ம நிழலு காணாப்போயிடும்டி!"

"போடி, மத்தியானம் எல்லா நாளும்தான் நிழலு சின்னதா ஆவுது."

"சின்னதா ஆவறது வேற, இல்லாமயே போறது வேற. கேளு. பூமி நேரா நிமுந்துக்கினு சுத்தல. சாஞ்ச மேனிக்குத்தான் சூரியன சுத்துது. அதனால கொஞ்ச மாசம் வடக்கு பாதி சூரியன் பக்கம் சாஞ்சிருக்கும், கொஞ்ச மாசம் தெக்கு பாதி. சூரியன் எங்கயும் போறதில்ல. ஆனா இங்கேந்து பாக்கற நமக்கு அது வடக்க போயி தெக்க திரும்பற மாதிரி தெரியும். பஸ்ஸு மாதிரின்னு வெச்சுக்கோயேன். தெக்க மகர ரேகை ஒரு டிப்போ, வடக்க கடக ரேகை ஒரு டிப்போ. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஊரெல்லாம் ஸ்டாப்பு. போறப்ப ஒரு தடவ நம்ம ஸ்டாப்புக்கு நேர் மேல வரும், வர்றப்ப ஒரு தடவ. அதான் வருஷத்துக்கு ரெண்டு."

"டெல்லிக்கு?"

"டெல்லி டிப்போவ தாண்டி இருக்குதுடி. அங்க பஸ்ஸே கெடையாது. அவனுங்க தலைக்கு மேல சூரியன் என்னிக்குமே வராது."

"பாவம்."

"பாவம்தான். ஆனா அவனுங்களுக்கு ஸ்வெட்டர் இருக்குது."

இருபத்திநாலாந்தேதி சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் மேலே ஏறினார்கள். அன்றைக்கு டூட்டி இல்லாத அம்மாவின் போனைப் பூவிழி கேட்டு வாங்கி, பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள். கம்பி நேராக நிற்கிறதா என்று நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள் பூவிழி. மாதா கோவில் மணி பன்னிரண்டு அடித்தது. நிழல் மேற்கே நான்கு விரல் நீளத்துக்குக் கிடந்தது. "உச்சி பன்னெண்டுக்கு இல்லடி, நம்ம ஊருக்கு பன்னெண்டு ஒம்பது பத்துக்குத்தான் ஆவும். கடியாரம் இந்தியா பூராவுக்கும் ஒண்ணு, சூரியன் ஊருக்கு ஊரு வேற" என்றாள் பூவிழி. தலை கொதித்தது. காத்திருந்தார்கள். நிழல் சுருங்கியது, சுருங்கியது, அப்புறம் சுருங்க மறுத்துவிட்டது. கம்பியின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒட்டிக்கொண்டே நின்றது. பன்னிரண்டு பத்தைத் தாண்டியதும் கிழக்கே திரும்பி நீளத் தொடங்கிவிட்டது.

"பேப்பர்காரன் ஏமாத்திட்டான்" என்று பூவிழி கம்பியை உதைத்தாள். உதைத்த காலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் ஆடினாள். அதைப் பார்த்து லமீஸ் இன்னும் சிரித்தாள். அதற்குச் சற்று முன், நிழல் மிகக் குட்டையாக இருந்தபோது பூவிழி எடுத்ததுதான் இந்தப் படம்.

பேப்பர்காரன் ஏமாற்றவில்லை. அது சென்னைப் பதிப்பு. சென்னைக்கு உரிய தேதி. பாண்டிச்சேரி சென்னைக்குத் தெற்கே இருக்கிறது, வடக்கே போகும் சூரியன் இங்கே மூன்று நாள் முன்னாலேயே வந்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள்தான் அது இருவருக்கும் உறைத்தது. "பஸ்ஸ விட்டுட்டோம்டி" என்று பூவிழி தலையில் அடித்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாமல் விட்டார்கள், கேவலமாக இருக்கும் என்று.

லமீஸின் விரல் போன்மேல் நின்றது.

படத்தில் நிழல் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவளே சொன்னாள். ஆனால் இருந்தது. கம்பியின் அடியில் ஒரு கறுப்புக் கீற்று. சட்டென்று பார்த்தால் கம்பியின் துரு என்று நினைக்கலாம். அந்தக் கீற்று சோலார் பலகைகளின் தாழ்ந்த ஓரம் இருக்கும் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. பலகைகள் தெற்கே பார்த்துச் சாய்ந்திருப்பவை. தாழ்ந்த ஓரம் தெற்கு.

நிழல் தெற்கே விழுந்தால் சூரியன் வடக்கே இருக்கிறது.

நம்மைத் தாண்டி வடக்கே போன பிறகு.

நேற்று அப்படி இல்லை. நேற்று சூரியன் வடக்கேயிருந்து திரும்பி, இருபத்தொன்றாந்தேதியே நம்மைத் தாண்டி, தெற்கே போய்விட்டது. நேற்று மத்தியானம் அந்த மாடியில் எடுத்த படமாக இருந்தால் கீற்று வடக்கே விழுந்திருக்க வேண்டும்.

லமீஸ் ஈரத் துணிகளுக்கு நடுவில் நின்று கையால் ஆட்டிப் பார்த்தாள். இந்தக் கை சூரியன், இந்த விரல் கம்பி. வடக்கே கை, தெற்கே நிழல். தெற்கே கை, வடக்கே நிழல். தப்பு வரவில்லை. மறுபடியும் ஆட்டினாள். தப்பு வரவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. ஓடிப்போய்ச் சொல்ல யாரும் இல்லை. சொன்னால் "ஆமாண்டி!" என்று கையைத் தட்ட ஒருத்தி இருந்தாள், அவளும் போனை எடுக்கவில்லை.

கடைக்குள் போனாள். அத்தா முகத்துத் துண்டை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். டிசி என்ற இடத்தில் டம்ளர் அவர் கையிலேயே நின்றுவிட்டது.

"ஒடச்சது நீயா?"

"இல்லத்தா. அல்லா மேல சத்தியமா."

"சத்தியம் எதுக்கு, கேட்டேன் அவ்ளோதான்." டம்ளரைக் கீழே வைத்தார். "மாடிக்கு ஏறினது தப்பு. அது தனி. அத அப்பறம் வெச்சுக்கறேன். இப்ப இந்த நெழலு விஷயம் எனக்குப் புரியல. மெட்ராஸுக்கு ஒரு வெயிலு, நமக்கு ஒரு வெயிலா?"

"ஒரே வெயிலுதான் அத்தா. நேரா மேல வர்ற நாளுதான் வேற."

"சரி. எனக்குப் புரிஞ்சா என்னா, புரியாட்டி என்னா. அந்தம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லிடுவியா?"

"தெரியல அத்தா. பயமா இருக்குது."

"நான் கூட வர்றேன். பேசறது நீதான். நான் பேசினா மெத்தை விக்கற மாதிரிதான் வரும்."

*

மறுநாள் அஞ்சலாட்சியின் அறையில் லமீஸ் சொன்னது யாருக்கும் புரியவில்லை. அவளுக்கே புரியவில்லை. வடக்கு என்று சொல்ல வேண்டிய இடத்தில் தெற்கு என்றாள். திருத்தப் போய் இன்னொன்றைத் தப்பாகச் சொன்னாள். குரல் வேறு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கலீலுல்லா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் லமீஸ் சொன்னாள்: "மேடம், கம்பி மேலயே இருக்குது. இன்னிக்கு மத்தியானம் பாத்தா தெரிஞ்சிடும்."

அஞ்சலாட்சி கார்குழலியைப் பார்த்தார். கார்குழலி இந்தத் தடவை யோசிக்கவில்லை. "தெரியும் மேடம். பாக்கலாம்."

பன்னிரண்டுக்கு நான்கு பேரும் மாடிக்கு ஏறினார்கள். வாட்ச்மேன் தெய்வசிகாமணி புதுப் பூட்டைத் திறந்துவிட்டு, "இங்க நின்னா மண்ட வெந்துடும் மேடம்" என்று சொல்லிப் படிக்கட்டின் நிழலிலேயே நின்றுகொண்டார். விரிந்த பலகை சிலந்திவலைபோல் கோடு கோடாகத் தெரிந்தது. தூண் கம்பி இருந்த இடத்திலேயே நின்றது.

வானத்தில் மேகம். கடல் பக்கமிருந்து ஒன்று நகர்ந்து வந்து சூரியனை மூடியது. தரையில் எதுவும் இல்லை. வெளிச்சமும் இல்லை, நிழலும் இல்லை.

"இதுக்கு எவ்ளோ நேரம்?" என்றார் அஞ்சலாட்சி.

"உச்சி பன்னெண்டு பதிமூணு பதினாலுக்கு மேடம்" என்றார் கார்குழலி. "ஏப்ரல விட ஆகஸ்ட்ல நாலு நிமிஷம் பின்னால போவும்."

பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டு எட்டு. அஞ்சலாட்சி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கலீலுல்லா அண்ணாந்து பார்த்து உதட்டை அசைத்தார், இறைவனிடம் துஆ கேட்கிறாரோ மேகத்தைத் திட்டுகிறாரோ தெரியவில்லை. லமீஸ் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே பூவிழி ஒற்றைக்காலில் ஆடினாள். இப்போது மூன்று பெரியவர்கள் சுற்றி நிற்க, அவள் மட்டும் தரையில்.

பன்னிரண்டு பதின்மூன்றுக்கு மேகத்தின் ஓரம் வெளுத்தது. தரை மெல்ல மஞ்சளாகி, சட்டென்று வெள்ளையாக எரிந்தது. கம்பியின் அடியில் கறுப்புக் கோடு வந்து உட்கார்ந்தது. மூன்று விரல் நீளம் இருக்கும். பலகைகளின் உயர்ந்த முதுகுப் பக்கமாக, வடக்கே.

"மேடம், வடக்க" என்றாள் லமீஸ். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அஞ்சலாட்சி குனிந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தார். செல்போனில் படத்தைப் பெரிதாக்கித் தரைக்குப் பக்கத்தில் பிடித்தார். படத்தில் கீற்று பலகையின் தாழ்ந்த பக்கமாக. தரையில் கோடு உயர்ந்த பக்கமாக. படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து நின்று நாலாபக்கமும் பார்த்தார், திசை எதுவும் இடம் மாறிவிட்டதா என்று பார்ப்பதுபோல்.

"எதிரும் புதிருமால்ல இருக்குது."

"ஆமா மேடம்" என்றார் கார்குழலி. "நேத்து முந்தாநேத்து எல்லாம் இதே பக்கம்தான் விழுந்திருக்கும், கொஞ்சம் குட்டையா. இந்தப் படம் இருபத்திநாலாந்தேதி எடுத்தது இல்ல. சூரியன் நமக்கு வடக்க இருந்தப்ப எடுத்தது." லமீஸைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும். இதே நிழல் ஏப்ரல் இருபத்திநாலுலயும் விழும். ஆகஸ்ட் பதினெட்டு வாக்குலயும் விழும். ரெண்டு தடவன்னா எல்லாமே ரெண்டு தடவதான்."

லமீஸ் கம்பியின் அடியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"பதினெட்டா?" என்றார் அஞ்சலாட்சி. படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். "தெய்வசிகாமணி, பலகை கழுவறவன் என்னிக்கு வந்துட்டு போனான்?"

"போன சனிக்கெழம மேடம். நான்தான் தொறந்து விட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பூட்டும் புதுசு மாதிரி இருந்துச்சு."

சனிக்கிழமை இருபத்திரண்டு. அஞ்சலாட்சி விரலை மடக்கிக் கணக்குப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டார்.

"படம் பதினெட்டுல எடுத்ததா இருந்தாக்கூட, பூட்டு இருபத்திரெண்டு வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு. அப்ப பூட்டு ஒடஞ்சதுக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தம் இல்ல. சரி. ஆனா ஏம்மா, அந்தப் பொண்ணு ஏன் இன்னிக்குன்னு போட்டா? பழய படத்த எடுத்து, இன்னிக்கு நிழல் காணோம்னு?"

"தெரியல மேட—"

வாக்கியம் பாதியில் நின்றது.

பஸ் வடக்கேயிருந்து திரும்பி வருகிறது. முதலில் சென்னை. மூன்று நாள் கழித்துப் பாண்டிச்சேரி. இன்னும் தெற்கே போகிறது. இன்னொரு மூன்று நாள்.

"காரைக்கால்" என்றாள் லமீஸ். "மேடம், இருபத்திநாலு காரைக்காலுக்கு. அவ இருக்கற ஊருக்கு. அங்கதான் அன்னிக்கு நிழல் இல்ல."

கார்குழலி கண்ணை மூடி மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார்.

அஞ்சலாட்சி வெயில் தாங்காமல் படிக்கட்டை நோக்கி நடந்தார். நிழலுக்குள் போன பிறகு திரும்பி, "டிசி பேச்சு இல்ல. கமிட்டிக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார். "ஆனா ஏப்ரல்ல ஏறினது ஏறினதுதான். கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கூட வரல. விழுந்திருந்தா நான் யாருக்கு பதில் சொல்றது? பாய், நீங்க எழுதிக் குடுத்துட்டு போங்க, இனிமே ஏறமாட்டான்னு. இந்த வருஷம் சயின்ஸ் கிளப்லயும் வேணாம்."

"எழுதித் தர்றேம்மா" என்றார் கலீலுல்லா. இறங்கும்போது மகளின் தலையில் கையை வைத்து லேசாக அழுத்தினார். கை முழுக்கப் பஞ்சு வாசனை. "மெத்தைய விட நல்லாத்தான் வித்த" என்று காதோரம் சொன்னார். வீட்டுக்குப் போனால் மாடி ஏறியதற்குத் தனியாகக் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வகுப்பில் விஷயம் அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. முன்பெஞ்சுக்காரி திரும்பி, "நீ இல்லையாமே" என்றாள். "இல்ல" என்றாள் லமீஸ். அவ்வளவுதான். பெஞ்சு தள்ளிப் போட்ட இடத்திலேயே இருந்தது.

*

சாயங்காலம் போன் வந்தது. ரோஷன் பீவி பேர் பார்த்துவிட்டு, "ஒன் சினேகிதிடி, சீக்கிரம் பேசிட்டுக் குடு" என்று நீட்டினார்.

"ஏ லமீசு! அத்தன தடவ அடிச்சிருக்க? அம்மாவுக்கு டபுள் டூட்டி, இப்பதான் வந்தாங்க. என்னாச்சு?"

லமீஸ் வாயைத் திறந்தாள். பூட்டு, பலகை, டிசி, அத்தாவின் வெள்ளைச் சட்டை எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பூவிழி அழுவாள். என்னாலதானே என்பாள். அப்புறம் போன் செய்யவே பயப்படுவாள்.

"சும்மாதான்" என்றாள்.

"ஸ்டேட்டஸ் பாத்தியா? ஒனக்குன்னுதான்டி வெச்சேன்."

"பாத்தேன்."

"எப்டி? இந்தத் தடவ பேப்பர நம்பல. நானே கணக்குப் போட்டேன். காரைக்காலுக்குத் தனியா. கரெக்டா வந்துச்சுடி. சுத்தமா இல்ல. ஒரு பொட்டு இல்ல. படம் எடுக்கலாம்னா போன் அம்மாகிட்ட. அதான் ஒன் படத்தப் போட்டேன்."

"யாரு கூட பாத்த?"

"யாரும் வரலடி. கிளாஸ்ல கூப்ட்டேன். வெயில்ல எவ வருவான்னு சிரிச்சாளுங்க. கிரவுண்டுல ஒரு குச்சிய நட்டுட்டு நானு மட்டும்தான் நின்னேன்." பூவிழி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நிழலும் இல்லையா, ஆளே இல்லாத கிரவுண்டு மாதிரி இருந்துச்சு. நான் கூட இல்லாத மாதிரி. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரு மாதிரி இருந்துச்சு."

லமீஸ் சந்தின் சுவரில் சாய்ந்துகொண்டாள். துணிகள் காய்ந்து விறைப்பாகத் தொங்கின.

"நீ இருபத்தொண்ணாந்தேதி அங்க பாத்தியா?"

"இல்ல. மாடிய பூட்டிட்டாங்க."

"மாடி எதுக்குடி? தெருவுல நின்னாலும் அதே சூரியன்தானே."

ஆமாம். தெருவில் நின்றிருக்கலாம். கடை வாசலில் நின்றிருக்கலாம். இருபத்தொன்றாந்தேதி என்று ஞாபகம்கூட இருந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் பெஞ்சை விட்டு எழுந்து, கதவுவரை போய், தனியாகப் போய் என்னத்தைப் பார்ப்பது என்று திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். அதையும் அவள் சொல்லவில்லை.

"அந்தக் கணக்கு எப்டி போட்ட, சொல்லு" என்றாள்.

"இப்பவா? பெருசுடி அது."

"பெருசா இருந்தா இருக்கட்டும். சொல்லு."

பூவிழி சொல்லத் தொடங்கினாள். அட்சரேகை பதினொன்றுக்குக் கொஞ்சம் குறைவு என்று ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து ரோஷன் பீவி, "இன்னும் முடியலையாடி?" என்று குரல் கொடுத்தார். லமீஸ் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மற்றக் காதில் போனை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.